குறைக்கச் சொன்ன மதிப்பெண்

மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொல்லி வருகிற கடிதங்களுக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், கூடப் படித்தவனுக்கு மட்டும் எப்படி அதிகம் வந்தது என்று சண்டைக்கு வருவார்கள். குறைத்துப் போடச் சொல்லி ஒரு கடிதம் வந்தது அவளுடைய இத்தனை வருட வேலையில் அதுதான் முதல் தடவை.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்களின் பட்டங்களை மதிப்பிட்டுத் தருகிற நிறுவனம் அது. இங்கே நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கிறார்கள். அங்கேயோ நாலு புள்ளிக்கு எத்தனை என்றுதான் கேட்பார்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிகிற ஓர் அறை. அதில் அவளும், பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் உறைகளைப் பிரித்துப் பார்க்கும் ஒரு மூத்த ஊழியரும். உறையில் முத்திரை ஒரு நூல் அளவு கிழிந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அவருக்கு ஆபீசில் 'சீல் அண்ணன்' என்று பெயர்.

அந்த விண்ணப்பம் நெடுங்காலம் கிடப்பில் கிடந்த ஒன்று. பையன் கணக்குத் தொடங்கி, கட்டணம் கட்டி, பாஸ்போர்ட் நகலும் ஏற்றியிருந்தான். அறிக்கை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயரை எழுதியிருந்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை ஆபீசில் பள்ளி என்றுதான் சொல்வார்கள். மதிப்பெண் பட்டியலை அவன் படித்த பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேராக அனுப்ப வேண்டும். மாணவன் கையில் கொண்டுவந்தால் செல்லாது. அந்தப் பல்கலைக்கழகம் அசையவில்லை. நினைவூட்டல் மேல் நினைவூட்டல் போனது. கடைசியில் எப்போதோ ஓர் உறை வந்து சேர்ந்தது. சீல் அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒரு வழியா வந்துட்டாரு மகராசன்" என்று அவள் மேசையில் வைத்தார்.

வேதியியலில் மூன்றாண்டு இளநிலை. இரண்டாம் வகுப்பு. மொத்தம் ஐம்பத்தேழு புள்ளி ஒன்பது சதவீதம்.

மொத்தத்தைப் பார்த்து அவள் ஒருபோதும் மாற்றுவதில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து, அதன் மணிநேரத்துக்கு ஏற்பக் கிரெடிட் பிரித்து, அந்தப் பல்கலைக்கழகம் எந்த மார்க்கை எந்த வகுப்பாக மதிக்கிறது என்று பார்த்து, எழுத்துத் தரம் போட்டு, பிறகுதான் கூட்டுவாள். அறுபது வந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு. நிறுவனத்தின் அட்டவணைப்படி அது ஏ, நாலு புள்ளி. ஐம்பத்தைந்து முதல் அறுபதுக்குள் பி பிளஸ். ஐம்பதிலிருந்து பி. அதற்குக் கீழே இரண்டு கணக்குத் தாள்களில் மட்டும் பையன் சறுக்கியிருந்தான். அவை சி பிளஸ். மூன்று வருடத்துக்கும் சேர்த்துத் தொண்ணூறு கிரெடிட். கூட்டி வகுத்தபோது மூன்று புள்ளி நான்கு மூன்று வந்தது. நல்ல எண். அவள் கையெழுத்திட்டாள், இரண்டாவது மதிப்பீட்டாளரும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார், அறிக்கை போயிற்று.

அடுத்த வாரம் அந்தக் கணக்கிலிருந்து செய்தி வந்தது.

"என் மதிப்பெண் 57.9. நாலால் பெருக்கி நூறால் வகுத்தால் 2.3. நீங்கள் 3.43 என்று போட்டிருக்கிறீர்கள். தவறு. திருத்தி அனுப்பவும்."

அவள் சிரித்துவிட்டாள். சீல் அண்ணனிடம் படித்துக் காட்டினாள். அவரும் சிரித்து, இப்படி ஒரு நல்லவனை உலகத்தில் எங்கே தேடுவது என்றார். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. கோப்பைத் திறந்து தாள் தாளாக மறுபடி பார்த்தாள். தவறு ஒன்றும் இல்லை. சதவீதத்தை நேராகப் பெருக்கி மாற்றுவது பொருந்தாது, அந்தப் பல்கலைக்கழகத்தின் தர வரையறையை வைத்துத்தான் மாற்றப்பட்டிருக்கிறது என்று பதில் எழுதினாள்.

மறுபடி செய்தி வந்தது. "எனக்கு 2.3 தான் வரும். தயவுசெய்து மறுபடி பாருங்கள்."

மறுபடி பதில் எழுதினாள். மறுபடியும் வந்தது. கோபமோ வாதமோ இல்லை, ஒரே கேள்வி. கணக்கில் இருந்த பாஸ்போர்ட் படத்தை அவள் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். ஒல்லியான பையன். சட்டைக் காலரில் ஒரு பக்கம் மடங்காமல் நிமிர்ந்து நின்றது. படம் எடுத்தவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்ட மாதிரி ஒரு முகம்.

அந்த முகம் அவளோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. பஸ்ஸில் முன் சீட்டில் நிமிர்ந்த காலரோடு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்து முன்னால் போய்ப் பார்க்கத் தோன்றியது. துணி மடிக்கும்போது, தனக்கு வந்ததைக் குறைக்கச் சொல்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று யோசித்துக்கொண்டே கணவனின் சட்டைக் காலரைத் திரும்பத் திரும்ப நீவினாள். "இஸ்திரிப் பெட்டி எதுக்கு இருக்கு?" என்றான் கணவன். அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒருவேளை யாராவது அவனைக் கேலி செய்து நம்ப முடியாமல் ஆக்கியிருப்பார்கள், நேரில் பேசிப் பார் என்றான் அவன்.

மறுமதிப்பீடு கேட்டு மூன்று முறை எழுதினால் விண்ணப்பதாரரை அழைத்துப் பேசலாம் என்று விதி இருந்தது. ஒரு பிற்பகல் அவள் விண்ணப்பத்தில் இருந்த எண்ணை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். வயதான ஆண் குரல்.

பையனின் பெயரைச் சொல்லி, அவரிடம் பேச வேண்டும் என்றாள்.

"அவன் இல்லம்மா. நான் அவன் அப்பா."

"எப்ப வருவாரு சார்?"

"வரமாட்டான்மா. அவன் போயிட்டான்."

வெளியூர் போய்விட்டான் என்றுதான் அவள் முதலில் எடுத்துக்கொண்டாள். எந்த ஊர் என்று கேட்க வாயைத் திறந்த பிறகுதான் புரிந்தது. கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியவும் தோன்றவில்லை.

விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானாம். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை. லாரி. பல்கலைக்கழகத்திலிருந்து உறை வருவதற்கு வெகு முன்பே. அப்பா இதையெல்லாம் பேப்பர் படிக்கிற குரலில் சொன்னார். பையனின் போனை அணைக்க மனம் வரவில்லை, தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன், ஒருநாள் அதில் மணி அடித்தது, பார்த்தால் உங்கள் அறிக்கை என்றார்.

"அந்த மெசேஜெல்லாம் நீங்கதான் எழுதினீங்களா சார்?"

"நான்தான்."

"என் மார்க்குன்னு எழுதியிருந்தீங்களே."

"அவன் பேர்ல எழுதினா அவனே கேக்கற மாதிரி இருந்துச்சும்மா."

இறந்துபோனவரின் கணக்கை முடக்க வேண்டும், வேறு யாரோடும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அவள் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவர் நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டபோது, வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

வந்தார். உயரமான மனிதர். வெயிலிலேயே வாழ்நாளைக் கழித்தவரின் கழுத்து. நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னார். சீல் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார். அப்பா அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மேசையில் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினார்.

விஷயம் இதுதான். படிப்பு முடிந்ததும் பையன் வெளிநாட்டில் மேலே படிக்க ஆசைப்பட்டிருக்கிறான். அங்கே குறைந்தது மூன்று புள்ளி வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, எனக்கு எவ்வளவு வரும் அப்பா என்று கேட்டிருக்கிறான். சொந்தபந்தத்தில் யாருக்குக் கணக்கில் சந்தேகம் என்றாலும் இவரிடம்தான் வருவார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை எடுத்து, நூற்றுக்கு ஐம்பத்தேழு புள்ளி ஒன்பது என்றால் நாலுக்கு எவ்வளவு என்று போட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு புள்ளி மூன்று. வாசலைக்கூடத் தாண்ட முடியாது, வீண் ஆசை வேண்டாம், கிடைத்த வேலையைப் பார் என்று சொல்லியிருக்கிறார். பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கிடங்கு வேலைக்குப் போய்விட்டான். விண்ணப்பித்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"அவன் என் கணக்க நம்பலன்னு இப்பதான் தெரியுது" என்றார். "நம்பாம இருந்ததுல சந்தோஷம்தான். ஆனா வேலைக்கு மட்டும் என் பேச்சக் கேட்டுப் போயிட்டான்."

அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார்.

"இது தப்பா இருக்கக் கூடாதாம்மா? எங்கயாவது கூட்டல்ல, வகுத்தல்ல? நீங்க நல்லா பாத்து ரெண்டு புள்ளி மூணுன்னு சொல்லிட்டா, நான் போயிடறேன்."

அவள் எத்தனையோ பேருக்கு எண்களைச் சொல்லியிருக்கிறாள். அழுதவர்கள் உண்டு, மேசையைத் தட்டியவர்கள் உண்டு. எண்ணைத் தருகிறவள் நான், அதை வைத்து என்ன செய்வது அவரவர் பாடு என்று இருந்து பழகியவள். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால், மடங்காத காலரோடு இன்னொருவனும் நின்று அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். இந்தப் பல்கலைக்கழகத்தில் அறுபது வாங்கினாலே முதல் வகுப்பு. எழுபத்தைந்தைத் தொடுகிறவர்கள் வகுப்புக்கு ஓரிருவர். அங்கே அப்படி இல்லை, கெட்டிக்காரப் பிள்ளைகள் தொண்ணூறுக்கு மேல் வாங்குவார்கள். அதனால் இங்கே அறுபது என்பதும் அங்கே அறுபது என்பதும் ஒன்றில்லை. நேராகப் பெருக்கினால் இங்கே படித்த எல்லாருமே தோற்றவர்கள் ஆகிவிடுவார்கள். உங்கள் பையன் முக்கியமான தாள்களில் முக்கால்வாசிக்கும் நல்ல தரம்தான் வாங்கியிருக்கிறான் என்றாள்.

அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஒரு ஊர் அளவுச் சங்கிலிய இன்னொரு ஊருக்கு எடுத்துட்டுப் போனா, அங்கத்த அளவோட ஒத்துப்பாக்காம நாங்க தரையில இறக்கவே மாட்டோம்மா. சின்னப் பசங்கள அதுக்காகத் திட்டியிருக்கேன்." தாளிலிருந்து விரலை எடுத்தார். "என் பையனுக்கு மட்டும் ஒத்துப்பாக்கல."

அவருக்குத் தரக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று அவள் அறிக்கையைப் பார்த்தாள். இருந்தது. பொய்யும் இல்லை. எண்ணுக்கு மேலே, யாரும் கவனிக்காத முதல் வரியில் அது இருந்தது. மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கு நிகர் என்று எழுதியிருந்தது.

"சார், இத நீங்க பாக்கலன்னு நினைக்கிறேன். அங்க பட்டப்படிப்பு நாலு வருஷம். உங்க பையனோடது மூணு வருஷம். மார்க் எவ்வளவு இருந்தாலும் மூணு வருஷப் படிப்ப நிறையப் பள்ளி முழுப் பட்டமா எடுத்துக்கறதில்ல. அதனால, மூணு புள்ளி நாலு வந்தாலும் கிடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது."

அவர் நிமிர்ந்தார். "எல்லாப் பள்ளியுமா?"

"நிறையப் பள்ளி."

"அவன் ஒரு பேர் எழுதியிருக்கானே. அந்தப் பள்ளி?"

அந்தப் பள்ளி எடுத்துக்கொள்ளும். அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாண்டுப் பட்டத்தோடு அதே பள்ளிக்கு அவள் கையெழுத்தில் போன அறிக்கைகள் உண்டு. சேர்ந்த பிறகு நன்றி சொல்லி எழுதியவர்களும் உண்டு. பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரை எழுதவில்லை. தேடி, விசாரித்து, தன்னை எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்த இடத்தைத்தான் எழுதியிருந்தான்.

"அது எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

அவர் தலையாட்டினார். அறிக்கையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தபோது வந்ததைவிடக் கொஞ்சம் லேசாக எழுந்ததாக அவளுக்குப் பட்டது. மாடிப்படி வரை கூடப் போனாள். இறங்கும்போது ஒருமுறை திரும்பி, "அப்ப எப்படியும் கஷ்டந்தான் இல்லம்மா" என்றார். அவள் ஆமாம் என்றாள்.

அதன் பிறகு செய்திகள் வரவில்லை.

அவள் கணக்கை முடக்கவில்லை. மேலாளரிடம் சொல்லவும் இல்லை. நல்லதுதானே செய்தோம் என்று கணவனிடம் கேட்டாள். நல்லதுதான், வேறு என்ன சொல்ல முடியும் என்றான் அவன். ஆனாலும் அந்தப் பையன் அவளை விடவில்லை. முன்பு பஸ்ஸில், தெருவில் என்று தொலைவில் நின்றவன் இப்போது அறைக்குள்ளேயே வந்துவிட்டான். யாருடைய தாளைக் கூட்டினாலும் அவன் பின்னால் நின்று பார்த்தான். அப்பாவிடம் இரண்டு புள்ளி மூன்று என்று கேட்டு வாய் மூடிப் போனவன், இவளிடம் 'தெரியாது' என்று கேட்டும் அதேபோல் பேசாமல் நின்றான். நான் தேடிக் கண்டுபிடித்ததை நீங்களும் இல்லை என்று சொல்லிவிட்டீர்களே என்று ஒருமுறையாவது அவன் கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. ஒரு தடவை தொண்ணூறால் வகுக்க வேண்டியதை எண்பதால் வகுத்து, அவளே கண்டுபிடித்துத் திருத்தினாள். இப்படி ஆனதே இல்லை. சீல் அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரெண்டு நாள் லீவு போடும்மா என்றார்.

லீவு போடவில்லை. பிறகு அந்தக் கணக்கிலிருந்து மறுபடி செய்தி வந்தது. இந்த முறை 'என் மதிப்பெண்' என்று இல்லை. அப்பா தன் பெயரிலேயே எழுதியிருந்தார்.

"அம்மா, மனசு கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்குப் போன் போட்டேன். எனக்கு அவர்கள் பாஷை அவ்வளவு வராது. பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். மூன்று வருடப் படிப்பை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களாம். மூன்று புள்ளி இருந்தால் போதுமாம். என் பையனைப் போல யாராவது இனி உங்களிடம் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்."

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தெரியாதவளுக்குத் தெரியப்படுத்துகிறாரா, தெரிந்தும் மறைத்தவளைக் குத்திக் காட்டுகிறாரா என்று எந்த வரியிலும் பிடிபடவில்லை. பதில் எழுத ஆரம்பித்தாள். 'தகவலுக்கு நன்றி' என்று விரல் தானாக அடித்தது. அதை அழித்தாள். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் போனை எடுத்தாள்.

இந்த முறையும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், எனக்கு அன்னிக்கே தெரியும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அந்தப் பள்ளி அவர எடுத்திருக்கும்னு தெரிஞ்சுதான் தெரியாதுன்னு சொன்னேன். உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கட்டும்னு நினைச்சேன். அத நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சரியாத்தான் தேடியிருக்காரு சார். எண்ணும் சரி, இடமும் சரி. எங்கயும் அவர் தப்பு பண்ணல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போன் செய்தாள். குழாயை யாரோ மூடினார்கள்.

"கெட்டிக்காரன்தான் இல்லம்மா" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"யாராவது சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. நான் சொன்னா அப்பன் சொல்றான்னு ஆயிடும். உங்ககிட்ட வந்துட்டுப் போனப்புறம் கொஞ்ச நாள் நல்லா தூங்கினேன்மா. அதுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா தூங்கித் தூங்கி எழுந்திரிக்கும்போதெல்லாம் அவன் மேல ஒரு சின்னக் கோபம் வந்துச்சு. கிடைக்காத இடத்துக்குப் போய் எழுதியிருக்கானேன்னு. செத்துப்போன பிள்ளை மேல கோபம். அது நல்லா இல்ல. அதனாலதான் போன் போட்டுக் கேட்டேன்."

இப்போது தூங்குகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கணக்கை மூட என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார். இறப்புச் சான்று ஒரு நகல் வேண்டும் என்று சொன்னாள். அனுப்புகிறேன் என்றார், நகல் வந்தது. அவளே அந்தக் கணக்கை மூடினாள். மூடுவதற்கு முன் அறிக்கையை இன்னொரு தடவை அச்செடுத்து, முத்திரை குத்தி, சீல் அண்ணனிடம் கொடுத்து அப்பாவின் முகவரிக்கு அனுப்பச் சொன்னாள். மடிப்பு விழாமல் அட்டை வைத்து அனுப்பினார் அவர்.

பையன் போய்விட்டானா என்றால் இல்லை. அறையில் இருந்தான். ஆனால் முன்போல முதுகுக்குப் பின்னால் இல்லை. அடுத்த கோப்பில் ஒரு பெண், பொருளியல், இரண்டாம் வகுப்பு, ஐம்பத்துநான்கு சதவீதம். விண்ணப்பத்தின் கடைசியில், 'எனக்கு எதுவும் கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தாள். இவள் மொத்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, முதல் வருடத்தின் முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள்.